வீடியோ போட்டதும் சனம் விலகினால்: வன்னிச் சேனல்காரர் என்னிடம் கேட்ட கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்தில் யூடியூப் சேனல் நடத்துகிற சில பேருக்கு நான் கணக்குப் பார்த்துச் சொல்வதுண்டு. காசுக்கில்லை, பிளேன்ரீக்கு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். பாதிக் கேள்வி ஒரே தம்பியினுடையது. முரசுமோட்டையில் வயல் செய்கிறவர், செய்கிற வயலையே வீடியோவாகப் போடுகிறவர். எண்களைப் போடலாம், பெயரைப் போட வேண்டாம் என்றார். அப்படியே செய்திருக்கிறேன்.

கபிலத் தத்திப் பூச்சி வீடியோ போட்டு ஒரு கிழமைக்குள்ள 97 பேர் விலகிட்டினம். வீடியோ பிழையோ அண்ணை?

இல்லை. ஆனால் இந்த "இல்லை"யைச் சொல்ல எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கத் தேவைப்பட்டது.

தம்பியின் சேனலில் அப்போது 21,300 சப்ஸ்கிரைபர் வரை இருந்தார்கள். வழக்கமான ஒரு வயல் வீடியோவுக்கு முதல் கிழமையில் 8,000 பார்வை வரும், 9 பேர் அளவில் விலகுவார்கள். வைகாசியில் அவர் வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு போனார். போன இடத்தில் போனைத் தூக்கிப் பிடித்து எடுத்ததை ஒரு வீடியோவாகப் போட்டார். காவடி, பொங்கல் பானை, கூட்டம், கடைசியில் தாயார் சாமி கும்பிட்டுக்கொண்டு நிற்கிற ஒரு காட்சி. அது முதல் கிழமையிலேயே 186,000 பார்வை போய், 1,620 புதுச் சப்ஸ்கிரைபரைக் கொண்டுவந்தது. வீட்டில் கொண்டாட்டம்தான்.

அதற்கடுத்துப் போட்டது கபிலத் தத்தி. சிறுபோக நெல்லு தூர் கட்டி நிற்கிற நேரம். தம்பி வயலுக்குள் குனிந்து ஒரு தூரை இரண்டு கையாலும் விரிக்கிறார், தண்ணி மட்டத்துக்குச் சற்று மேலே தண்டில் மண்ணிறப் பூச்சி அப்பிக்கொண்டு இருக்கிறது. நுனியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அடியைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அடுத்த தூருக்குப் போகிறார். 11 நிமிசம், பாட்டில்லை, பின்னணி இசையில்லை. விவசாயிக்கு இதைவிட உதவுகிற வீடியோ அந்தச் சேனலில் வந்ததில்லை என்பது என் எண்ணம். அதற்குத்தான் 97 பேர் விலகினார்கள்.

தம்பி அதைப் பார்த்துவிட்டு "சனத்துக்கு வயல் அலுத்துப்போச்சு, இனிக் கோயில்தான்" என்று முடிவெடுத்துக்கொண்டு வந்தார். அந்த 97 பேரை வயல் விரட்டவில்லை. அவர்கள் வயலுக்கென்று வந்தவர்களே இல்லை.

இதை எங்க பாக்கிறது? போன் அப்பில கூடினது குறைஞ்சது சேந்து ஒரு எண்தான் காட்டுது.

போன் அப்பை விடுங்கோ. கம்பியூட்டரில், இல்லாவிட்டால் போனிலேயே குரோமை டெஸ்க்டாப் முறைக்கு மாற்றி, studio.youtube.com இல் போங்கோ. இடப்பக்கம் `Content`, அதற்குள் அந்த வீடியோ, அதற்குள் `Analytics`. அங்கே `Advanced mode` என்று ஒன்று இருக்கும், சில கணக்குகளில் அதே இடத்தில் `See more` என்று நிற்கும். அதைத் திறந்தால் அட்டவணை வரும். அட்டவணைத் தலைப்பில் உள்ள கூட்டல் குறியை அழுத்தி `Subscribers gained`, `Subscribers lost` இரண்டையும் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கோ.

தனித்தனியாக என்பதுதான் முக்கியம். வெறும் `Subscribers` என்று காட்டுவது வந்ததில் போனதைக் கழித்த மிச்சம். 100 பேர் வந்து 97 பேர் போனாலும் அது 3 என்றுதான் சொல்லும், 5 பேர் வந்து 2 பேர் போனாலும் 3 என்றுதான் சொல்லும். முதலாவது சேனலில் ஏதோ நடந்திருக்கிறது, இரண்டாவதில் ஒன்றுமில்லை.

திகதியையும் ஒரே அளவாக வையுங்கோ. ஒவ்வொரு வீடியோவுக்கும் போட்ட நாளிலிருந்து 7 நாள். புது வீடியோ முதல் இரண்டு மூன்று நாளில்தான் சப்ஸ்கிரைபர் கண்ணில் கூடுதலாகப் படும், பிறகு தேடலிலும் பரிந்துரையிலும் வெளியாட்கள் வருவார்கள். ஒரு வீடியோவை 7 நாளுக்கும் இன்னொன்றை 90 நாளுக்கும் எடுத்து ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது. எண்கள் வந்து படிய ஒன்றிரண்டு நாள் பிந்தும். போட்ட அண்டிரவே பார்த்துப் பதறிப் பிரயோசனமில்லை.

97 பேர்தானே எண்டு மனிசி சொல்லுறா. 21,000 இல 97 கொஞ்சம்தானே?

21,300 பேரில் எத்தனை பேர் என்று பார்க்கக்கூடாது. அதில் பெரும்பகுதி அந்த வீடியோவைக் கண்டிருக்கவே மாட்டார்கள். மொத்தப் பார்வையில் எத்தனை என்று பார்ப்பதும் சரியில்லை. வெளியாள் ஒருவர் பார்த்தால் அவரால் விலக முடியாது, விலக அவர் முதலில் உள்ளே இருக்க வேண்டுமே. ஆகவே சப்ஸ்கிரைபர் பார்த்த பார்வையில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் விலகினார்கள் என்று எடுங்கோ.

சப்ஸ்கிரைபர் பார்வையை அதே அட்டவணையில் `Subscription status` என்ற பிரிவில் எடுக்கலாம். `Subscribed`, `Not subscribed` என்று இரண்டு வரி வரும். முதல் வரியின் பார்வையைக் குறித்துக்கொண்டு ஒரு கூகிள் ஷீட்டில் வீடியோப் பெயரை A இலும், அந்தப் பார்வையை B இலும், விலகியவர்களை C இலும் போடுங்கோ. D இல் இது:

```
=C2/B2*1000
```

தம்பியின் வழக்கமான வயல் வீடியோவில் சப்ஸ்கிரைபர் பார்வை 4,200, விலகியவர் 9, ஆகவே 2.1. கபிலத் தத்தியில் பார்வை 5,900, விலகியவர் 97, ஆகவே 16.4. ஏறத்தாழ எட்டு மடங்கு. மனிசி சொன்னதுபோல் கொஞ்சமில்லை.

இந்தக் கணக்கில் எனக்கே புதிதாகத் தெரிந்தது பொங்கல் வீடியோவின் வரிதான். 186,000 பார்வைக்கு 41 பேர் விலகியது ஒன்றுமே இல்லாதது மாதிரித் தெரிந்தது. ஆனால் அந்த 186,000 இல் சப்ஸ்கிரைபர் பார்வை வெறும் 7,000. கணக்குப் பார்த்தால் 5.9. வழக்கத்தைவிட மூன்று மடங்குக்குக் கிட்ட. அந்த 41 இல் கை தவறி சப்ஸ்கிரைப் அமத்திவிட்டு உடனே எடுத்தவர்களும் இருப்பார்கள். ஆனால் வயலுக்காக இருந்த பழையவர்கள் கொஞ்சப் பேரும் கோயிலைக் கண்டு போயிருக்கிறார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். பெரிய பார்வை எண்ணுக்குள் அது ஒளிந்து கிடந்தது.

அப்ப பிழை போட்ட வீடியோவிலையா, அதுக்கு முந்தின வீடியோவிலையா? அதை எப்பிடிப் பிரிச்சுச் சொல்லுறீங்கள்?

இதற்குத்தான் அந்தப் பின்னேரம் போனது. ஒரே அளவு விலகலுக்கு நேரெதிரான இரண்டு காரணம் இருக்கலாம். தம்பியின் சேனலிலேயே இரண்டுக்கும் உதாரணம் கிடைத்தது.

பொங்கலுக்கு ஒரு வருசத்துக்கு முன், காணி விற்கிற ஒருவர் காசு கொடுத்து ஒரு வீடியோ போடுவித்திருந்தார். ஏ9 வீதிக்குக் கிட்ட உள்ள வீட்டுக் காணித் துண்டுகளைச் சுற்றிக்காட்டுவது. வயல் வீடியோ மாதிரியே தலைப்பு, உள்ளே விலை. அதன் சப்ஸ்கிரைபர் பார்வை 4,000, விலகியவர் 64, கணக்குக்கு 16.0. கபிலத் தத்தியும் 16.4. இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு வீடியோவும் ஒரே குற்றம் செய்தவை மாதிரி இருக்கும்.

பிரித்துக் காட்டியது அடுத்த வீடியோக்கள். காணி வீடியோவுக்குப் பிறகு தம்பி பழையபடி வயலுக்குப் போனார், அந்த வயல் வீடியோவில் விலகியவர் 10 பேர். வரைபடத்தில் ஒரே ஒரு முள்ளு, இரண்டு பக்கமும் சமதரை. அப்படி வந்தால் பிழை அந்த வீடியோவில்தான். இருந்த சனத்துக்கு அது ஒத்துவரவில்லை, கோபம் வந்தவர் போனார், அதோடு முடிந்தது.

கபிலத் தத்திக்குப் பிறகு போட்ட மூன்றும் வயல் வீடியோதான்: பசளை போடுகிற நேரம், வரம்பு வெட்டுதல், தண்ணிப் பம்ப் கழற்றிப் பூட்டுதல். விலகியவர்கள் முறையே 52, 24, 11. கணக்கில் எடுத்தால் 16.4, 9.6, 4.8, 2.3 என்று இறங்கி வருகிறது. மூன்று வீடியோவும் வழக்கமான தரம், வழக்கமான பொருள். வயல் அலுத்துப்போய் விலகியிருந்தால் எண் இப்படி இறங்காது, அதே உயரத்தில் நிற்கும், அல்லது கூடும். இறங்கித் தரையைத் தொட்டதென்றால், விலக வேண்டிய ஒரு கூட்டம் இருந்து அது ஒவ்வொரு வயலாகக் கண்டு கழன்று முடிந்திருக்கிறது. அந்தக் கூட்டம் எங்கே வந்தது என்று பின்னோக்கிப் பார்த்தால் 1,620 பேரைக் கொண்டுவந்த ஒரே ஒரு கதவுதான் இருக்கிறது.

இதோடு விட்டுவிடாமல் இரண்டு சாட்சியைக் கூப்பிட்டேன். ஒன்று `Geography`. அதே அட்டவணையில் நாட்டு வாரியாக `Subscribers gained`, `Subscribers lost` பார்க்கலாம். பொங்கலில் சேர்ந்த 1,620 பேரில் 1,150 அளவில் கனடா, இங்கிலாந்து, பிரான்ஸ், சுவிஸ். கபிலத் தத்தியில் விலகிய 97 இல் 63 பேர் அதே நாடுகள். அதற்கு முன் வயல் வீடியோக்களில் விலகுபவர்களில் வெளிநாடு நாலில் ஒரு பங்குக்கு மேல் போனதில்லை. காணி வீடியோவில் விலகிய 64 இல் 55 பேர் இலங்கைதான், அதாவது பழைய ஆட்கள்.

மற்றது, 30 செக்கனில் எத்தனை வீதம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது. அது வீடியோவின் `Analytics` இலேயே பார்வை நீடிப்புக் கோட்டுக்குக் கிட்ட எழுதியிருக்கும். தம்பியின் வழக்கம் 70 வீதம். கபிலத் தத்தி 68. காணி வீடியோ 41. கபிலத் தத்திக்குள் வந்தவர்கள் இருந்து பார்த்தார்கள், காணி வீடியோவுக்குள் வந்தவர்கள் அரை நிமிசத்துக்குள் ஏமாந்து எழும்பினார்கள்.

மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் நம்புங்கோ. சாயாவிட்டால் இன்னும் இரண்டு வீடியோ போகும்வரை வாய் திறக்க வேண்டாம். அவசரப்பட்டு நானும் பிழையாகச் சொல்லியிருக்கிறேன். நெடுங்கேணிப் பக்கத்துச் சமையல் சேனல் ஒன்றுக்கு, ஒரே ஒரு முள்ளைப் பார்த்துவிட்டு "இறைச்சி வீடியோ போடாதேங்கோ" என்றேன். அடுத்தடுத்த கிழமை மரக்கறி வீடியோவிலும் அதே உயரத்தில் விலகல் வந்துகொண்டே இருந்தது. காரணம் இறைச்சியில்லை. அந்த அக்கா புது மைக் வாங்கியிருந்தா, சத்தம் வீட்டுத் தகரத்தில் மழை பெய்கிற மாதிரிக் கேட்டது.

பொங்கலுக்கு வந்தவையில எத்தினை பேர் உண்மையில வீணாப்போச்சினம்?

நாலு வீடியோவில் விலகியது 184 பேர். ஒவ்வொன்றிலும் வழக்கமாகப் போகிற 9 பேரைக் கழித்தால் 148. அது 1,620 இல் 9 வீதம் அளவில்.

மிச்சம் 1,470 பேர் இருக்கிறார்கள் என்று சந்தோசப்பட முடியாது. நாலாவது வீடியோவில் சப்ஸ்கிரைபர் பார்வை 4,700. பொங்கலுக்கு முன் 4,200. கூடியது 500 தான். பார்வையும் ஆளும் ஒன்றல்ல, ஏறத்தாழ எடுத்தாலும் ஆயிரம் பேர் வரை விலகவும் இல்லை, பார்க்கவும் இல்லை. பெயருக்கு இருக்கிறார்கள். இவர்கள் எந்த அட்டவணையிலும் "போனவர்" என்று வரமாட்டார்கள். `Not interested` அமத்தியவர்களையும் ஸ்டூடியோ எங்களுக்குச் சொல்வதில்லை. ஆகவே விலகியவர் ஒருவர் என்றால், அவரோடு சேர்ந்து வந்து சொல்லாமல் நிற்பவர் ஆறேழு பேர் என்று இந்தச் சேனலில் வந்தது. உங்கட சேனலில் வேறு மாதிரி வரலாம், இதே கழித்தலைச் செய்து பாருங்கோ.

மொத்தமா 160 குறைஞ்ச கிழமையில வீடியோவுக்கு நேர 97 தான் நிக்குது. மிச்சம் எங்க போச்சுது?

வீடியோவுக்கு நேரே எழுதப்படுவது அந்த வீடியோப் பக்கத்தில் இருந்துகொண்டு விலகியவர்கள் மட்டும்தான். வீடியோவின் படத்தையும் தலைப்பையும் தன் முகப்பில் கண்டு, "இது என்ன பூச்சி" என்று உங்கள் சேனல் பக்கத்துக்குப் போய் அங்கே விலகினவர் அந்த வீடியோவின் கணக்கில் வரமாட்டார். சேர்ந்த சேனல்களின் பட்டியலைத் திறந்து துப்புரவாக்கினவரும் வரமாட்டார். இவர்களைச் சேனல் அளவில் `Subscription source` என்ற பிரிவில் பாருங்கோ, எந்தப் பக்கத்திலிருந்து விலகினார்கள் என்று இருக்கும்.

அதே இடத்தில் `Closed accounts` என்று ஒரு வரி வந்தால் அதை முதலில் கழித்துவிடுங்கோ. கணக்கையே மூடியவர்களையும், மூடப்பட்ட கணக்குகளையும் யூடியூப் இடைக்கிடை எண்ணிக்கையிலிருந்து எடுக்கும். அண்டைக்கு நீங்கள் என்ன வீடியோ போட்டிருந்தாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாங்குளத்தில் ஒருவர் இதைக் கவனிக்காமல் தன் நல்ல வீடியோ ஒன்றை மறைத்துவைத்திருந்தார்.

விலகினவை ஆர் ஆர் எண்டு பேரைப் பாக்கேலாதோ?

ஏலாது. புதுச் சப்ஸ்கிரைபரில், தங்களை மறைக்காதவர்களின் பெயர் மட்டும் தெரியும். விலகியவர் பட்டியல் எங்குமில்லை. அதைக் காட்டுகிறோம் என்று கடவுச்சொல் கேட்கிற அப்களுக்குக் கிட்டப் போகாதேங்கோ.

மே 18 காலமை பத்து மணிக்கு ஒரு பகிடி வீடியோ போட்டனான், கனபேர் விலகிட்டினம். ஆனா அனலிட்டிக்ஸில 17ஆம் திகதி எண்டு காட்டுது. எதை நம்புறது?

திகதியை முதலில் சொல்கிறேன். அனலிட்டிக்ஸின் நாள் கலிபோர்னியா நேரத்தில் ஓடுகிறது. எங்களுக்கு அது மே மாதத்தில் பகல் 12.30 க்குத் தொடங்கி அடுத்த நாள் பகல் 12.30 க்கு முடியும், மாரி காலத்தில் 1.30. காலை பத்து மணிக்குப் போட்டது அவர்களுக்கு முதல் நாள் இரவு ஒன்பதரை. ஆகவே நாள் கணக்குப் பார்க்கிறபோது போட்ட நாளையும் அதற்கு முந்தின நாளையும் சேர்த்தே பாருங்கோ. இது விளங்காமல் "வீடியோ போடுவதற்கு முதல் நாளே சனம் விலகியிருக்கு" என்று குழம்பியவர்களைக் கண்டிருக்கிறேன்.

மற்றது கணக்கில்லை. வன்னியில் அந்த நாள் என்ன நாள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் பகிடி வீடியோவின் 30 செக்கன் வீதம் வழக்கம்போலத்தான் இருந்தது, அடுத்த வீடியோவில் விலகலும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஒற்றை முள்ளு. ஆனால் சனம் பகிடியை வெறுக்கவில்லை, அந்த நாளில் அதைக் காண விரும்பவில்லை. அதே வீடியோவை ஒரு கிழமை கழித்துப் போட்டிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. முன்கூட்டியே நேரம் குறித்துவைக்கிறவர்கள் நாள்காட்டியை ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கோ, பெரும்பாலும் இது மறதியில்தான் நடக்கிறது.

அப்ப இனிக் கோயில் வீடியோவே போடக்கூடாதோ?

போடுங்கோ. வருகிறவருக்கு இது என்ன வீடு என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கோ.

தம்பி பொங்கல் வீடியோவின் கடைசியில் "இப்பிடியான வீடியோக்களுக்கு சப்ஸ்கிரைப் பண்ணுங்கோ" என்று சொல்லியிருந்தார். பழக்கத்தில் வந்த வாய்ப்பாடுதான், ஆனால் 1,620 பேருக்கும் அது ஒரு வாக்குறுதி. அடுத்த கிழமை பூச்சியைக் காட்டியபோது வாக்கு மாறினது மாதிரித்தானே இருக்கும். பிறகு இரண்டு பேருமாக அந்த வீடியோவின் மேலே ஒரு கருத்தைப் பின் பண்ணினோம்: "இது வயல் சேனல். பொங்கலுக்கு வருசம் ஒருக்காத்தான் போவம். மிச்ச நாளெல்லாம் முரசுமோட்டை வயலிலதான் நிப்பம்." கடைசித் திரையில் காட்டுகிற வீடியோவையும் இன்னொரு கோயிலிலிருந்து நாற்று வீடியோவுக்கு மாற்றினோம். அதற்குப் பிறகு பொங்கல் வீடியோவால் சேர்கிறவர் தொகை குறைந்தது. குறைய வேண்டியதுதான்.

மற்றப் பக்கமும் ஒன்று இருக்கிறது. பழைய விவசாயிகள் கோயிலைக் கண்டு விலகாமலிருக்க, தரவேற்றுகிறபோது `Publish to subscriptions feed and notify subscribers` என்ற பெட்டியில் உள்ள சரியை எடுத்துவிடலாம். விவரங்கள் பக்கத்தில் `Show more` ஐ அமத்தினால் கீழே இருக்கும். அப்படிச் செய்தால் சந்தாப் பட்டியலுக்கும் மணி அறிவிப்புக்கும் அந்த வீடியோ போகாது. முகப்பிலும் பரிந்துரையிலும் சிலருக்கு வரத்தான் செய்யும், முழுக்க மறைக்கிற வேலை அது இல்லை. வெளியிட்ட பிறகு மாற்றியும் பிரயோசனமில்லை, அறிவிப்புப் போனது போனதுதான். வருசத்தில் ஒன்றிரண்டு வீடியோவுக்கு இது நல்ல வழி. மாதத்துக்கு நாலு கோயில் போகிற எண்ணம் இருந்தால் வேறு சேனல் தொடங்குங்கோ.

வெளிநாட்டுச் சனம் பாத்தாத்தானே காசு. அவைக்காகவே வீடியோவ மாத்தினா என்ன?

விளம்பரக் காசு கனடாப் பார்வைக்கும் இலங்கைப் பார்வைக்கும் ஒன்றில்லை, உண்மைதான். மாற்றுவது உங்கள் விருப்பம். ஆனால் 97 பேரைப் பார்த்து அந்த முடிவை எடுக்காதேங்கோ, ஏனென்றால் அவர்கள் வயலை வெறுத்துப் போனவர்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அதுவும் அப்படியில்லை.

ஆவணியில் தம்பி அருவி வெட்டு வீடியோ போட்டார். அதே வயல். மிசின் இறங்குகிறது, கொக்குக் கூட்டம் பின்னால் வருகிறது, தாயார் வரம்பில் தேத்தண்ணிக் கேத்திலோடு நிற்கிறா, நெல்லுச் சாக்கு ரக்ரர் பெட்டியில் ஏறுகிறது. விலகியவர் 8 பேர். `Geography` இல் சராசரிப் பார்வை நேரத்தை எடுத்துப் பார்த்தால் கனடாவும் பிரான்சும் இலங்கையைவிடக் கூடப் பார்த்திருக்கின்றன. கபிலத் தத்தியில் அதற்கு நேர்மாறு.

விவசாயி வீடியோவைத் திறப்பது நாளைக்கு என்ன மருந்து அடிக்கிறது என்று அறிய. ஸ்காபரோவில் இருக்கிறவர் திறப்பது ஊரைப் பார்க்க. இருவருக்கும் வயல் வேண்டும், ஆனால் ஒரே வேலைக்கில்லை. இந்தச் சேனலில் பொருந்தாமல் போனது வீடியோவின் பொருளில்லை, அதன் பயன். அதைக் கண்டபிறகு தம்பி ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டார். மருந்து, பசளை, பூச்சி எல்லாவற்றுக்கும் தலைப்பின் முதல் சொல்லே அந்தப் பூச்சியின் பெயராக இருக்கும், படத்திலும் பூச்சிதான். பார்க்க விருப்பமில்லாதவர் திறக்காமலே கடந்து போகலாம். திறக்காதவர் விலகுவது குறைவு. முந்தின கபிலத் தத்தி வீடியோவின் படத்தில் தாயாரின் முகத்தைப் போட்டு "இப்பிடி நடக்குமெண்டு நினைக்கேல்லை" என்று எழுதியிருந்தார். பொங்கலுக்கு வந்தவர்கள் அம்மாவைக் கண்டு உள்ளே வந்து, பூச்சியைக் கண்டு வெளியே போனார்கள். இது எனக்குக் கடைசியாகத்தான் கண்ணில் பட்டது. முதலில் பார்த்திருக்க வேண்டும்.

கனபேர் விலகின வீடியோவ அழிச்சா அவை திரும்பி வருவினமோ?

வரமாட்டினம். அழித்தால் அந்த வீடியோவின் கணக்கை விரித்துப் பார்க்கிற வழியும் போய்விடும், அடுத்த முறை ஒப்பிட ஒன்றும் இராது. காணி வீடியோ மாதிரி உங்களுக்கே வெட்கமாக இருந்தால் பட்டியலிலிருந்து மறையுங்கோ, அழிக்க வேண்டாம்.

எனக்கு 600 பேர்தான். நேற்றைய வீடியோவில 4 பேர் விலகிட்டினம். நானும் இப்பிடிப் பாக்கோணுமோ?

நாலு பேரில் ஒன்றும் வாசிக்க முடியாது. ஒருவர் கணக்கை மாற்றியிருப்பார், ஒருவர் பிள்ளையிடம் போனைக் கொடுத்திருப்பார். ஒரே மாதிரியான வீடியோ நாலைந்தைச் சேர்த்து ஒரு கூட்டமாகக் கணக்கெடுங்கோ, சமையல் ஐந்து, பயணம் ஐந்து என்று. இரண்டு கூட்டத்திலும் சேர்த்து விலகியவர் 20, 30 பேர் ஆகும்போது கூப்பிடுங்கோ, பரந்தன் சந்தியில் இருந்து பார்ப்போம்.